DS-160 படிவம் பாதியில் டைம் அவுட் ஆனால்: சேவ் செய்வது, திரும்ப எடுப்பது, இழக்காமல் முடிப்பது

அமெரிக்காவுக்குச் சுற்றுலாவாகவோ, பிள்ளைகளைப் பார்க்கவோ, படிக்கவோ, வேலைக்கோ போக விசா கேட்பவர்கள் எல்லாரும் நிரப்ப வேண்டிய ஆன்லைன் படிவம் DS-160. இதை நிரப்பச் சுமார் 90 நிமிடம் ஆகும் என்று அமெரிக்க அரசே கணக்குச் சொல்கிறது. ஆனால் 20 நிமிடம் போல அந்தத் தளத்தில் எதுவும் செய்யாமல் இருந்தால் செஷன் முடிந்துவிடும். அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்க ஊருக்கு ஒரு போன், பழைய பாஸ்போர்ட்டைத் தேட பீரோவில் ஒரு தேடல், நடுவில் ஒரு காபி என்று எழுந்து போனாலே அந்த 20 நிமிடம் ஓடிவிடும்.

படிவத்தைச் சேமிக்க வழி தளத்திலேயே இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் பலர் முதலிலிருந்து மறுபடி நிரப்புகிறார்கள்.

20 நிமிடம் எதிலிருந்து எண்ணப்படுகிறது

நீங்கள் ஒரு பெட்டியில் டைப் செய்யும்போது அந்த எழுத்துகள் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் உள்ள சர்வருக்கு அவை போகவில்லை. `Save` அல்லது `Next` பட்டனை அழுத்தும்போதுதான் அந்தப் பக்கம் சர்வருக்குப் போகிறது. சர்வரின் கணக்கில், கடைசியாக உங்களிடமிருந்து ஏதாவது வந்த நேரத்திலிருந்து 20 நிமிடம்.

ஆகவே கை ஓயாமல் டைப் செய்துகொண்டே இருந்தாலும் டைம் அவுட் ஆகலாம். வேலை விவரம் கேட்கும் பக்கத்தில் அலுவலக முகவரி, மேலதிகாரி பெயர், என்ன வேலை செய்கிறீர்கள் என்ற விளக்கம் எல்லாம் யோசித்து யோசித்து எழுதினால் 25 நிமிடம் சாதாரணமாக ஆகும். நீங்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பீர்கள். சர்வரோ ஆள் போய்விட்டார் என்று கதவைச் சாத்தியிருக்கும். `Next` அழுத்தினால் செஷன் முடிந்தது என்ற செய்தி வரும். அந்தப் பக்கத்தில் எழுதியது போய்விடும்.

சில கேள்விகளுக்கு Yes அல்லது No அழுத்தியதும் கீழே புதிதாகச் சில பெட்டிகள் முளைக்கும். அப்போது பக்கம் ஒரு நொடி சர்வரோடு பேசுகிறது. அதைப் பார்த்து, பதில் டிராஃப்ட்டில் ஏறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. செஷன் உயிரோடு இருப்பது வேறு, எழுதியது சேமிக்கப்பட்டிருப்பது வேறு. சேமிக்க `Save` அல்லது `Next` அழுத்தியே ஆக வேண்டும்.

தொடங்கும்போதே எழுதி வைக்க வேண்டிய நான்கு

`https://ceac.state.gov/genniv` என்ற முகவரிக்குப் போய், நேர்காணல் நடக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்து, படத்தில் தெரியும் எழுத்துகளை டைப் செய்து `START AN APPLICATION` அழுத்தினால் முதலில் வரும் பக்கத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். அங்கேதான் உங்கள் Application ID தெரியும். AA00 என்று தொடங்கும் பத்து எழுத்து, எண் கலவை அது. AA-க்கு அடுத்து வருபவை இரண்டும் பூஜ்யம், ஆங்கில O அல்ல. கையால் எழுதி வைத்துப் பின்னால் குழம்புவது இந்த இடத்தில்தான். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அதே பக்கத்தில் ஒரு பாதுகாப்புக் கேள்வியைத் தேர்ந்தெடுத்துப் பதில் தரச் சொல்வார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்ன என்பது போன்ற கேள்விகள். பதில் நமக்கு மறக்காது. ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதினோம் என்பதுதான் மறந்துபோகும். மீனாட்சி என்ற பெயரை Meenakshi, Meenatchi, Minakshi என்று மூன்று விதமாக எழுதலாம். மூன்று வாரம் கழித்துத் திரும்ப வரும்போது முதலில் எழுதிய அதே எழுத்துக்கூட்டல் வேண்டும். ஆகவே பதிலை மனத்தில் வைக்காமல், பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளி உட்பட டைப் செய்த மாதிரியே எழுதி வையுங்கள்.

டிராஃப்ட்டைத் திரும்ப எடுக்கத் தளம் கேட்பவை மொத்தம் நான்கு: Application ID, சர்நேமின் முதல் ஐந்து எழுத்து, பிறந்த வருடம், பாதுகாப்புக் கேள்விக்கான பதில். இதில் நம்மவர்களைத் தடுக்கி விழ வைப்பது இரண்டாவது.

தமிழர்களின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் பல விதமாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர், சிலருக்குக் கணவர் பெயர், இன்னும் சிலருக்கு அந்த இடம் காலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், DS-160-ல் வழக்கமாகச் செய்வது, இருக்கும் பெயரை Surnames பெட்டியில் போட்டு Given Names பெட்டியில் First Name Unknown என்பதன் சுருக்கமான FNU என்று எழுதுவது. அப்படிச் செய்தவர் திரும்ப வரும்போது கொடுக்க வேண்டியது தன் சொந்தப் பெயரின் முதல் ஐந்து எழுத்து. 'சர்நேம்தான் எனக்கு இல்லையே' என்று அப்பா பெயரை அடித்துப் பார்த்தால் உள்ளே விடாது. சர்நேம் ஐந்து எழுத்துக்குக் குறைவு என்றால் இருப்பதை முழுதாக எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பதை விட, படிவத்தின் Surnames பெட்டியில் நீங்கள் எதைப் போட்டீர்கள் என்பதே கணக்கு.

`Save` ஒன்று, `Save Application to File` இன்னொன்று

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் `Save` இருக்கும். அதை அழுத்தினால் அதுவரை எழுதியது தளத்தில் தற்காலிகமாகச் சேமிக்கப்படும். Application ID கையில் இருந்தால் 30 நாளுக்குள் திரும்ப வந்து தொடரலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவையாக உட்கார்ந்து முடிக்க இது போதும்.

`Save` அழுத்தியதும் வரும் பக்கத்தில் படிவத்துக்குத் திரும்பவும், வெளியேறவும் வழிகள் இருக்கும். அவற்றோடு `Save Application to File` என்று ஒரு பட்டனும் இருக்கும். பலர் இதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. இது உங்கள் பதில்களை ஒரு `.dat` ஃபைலாக உங்கள் கம்ப்யூட்டருக்கே இறக்கித் தரும். 30 நாள் தாண்டினாலும், ID தொலைந்தாலும், பாட்டி பெயரின் எழுத்துக்கூட்டல் மறந்தாலும் உங்களைக் காப்பது இந்த ஃபைல்தான். ஆகவே நாளின் வேலை முடியும்போதெல்லாம் ஒரு ஃபைல் இறக்கிவிடுங்கள். பெயரில் ஆள், தேதி இரண்டும் இருந்தால் பின்னால் தேட வேண்டியதில்லை:

```
amma_ds160_12june.dat
```

பெயரை மாற்றலாம், கடைசியில் உள்ள `.dat` மட்டும் அப்படியே இருக்க வேண்டும். ஃபைலை நோட்பேடில் திறந்து ஏதாவது திருத்திச் சேமித்துவிடாதீர்கள். போனில் நிரப்புபவர்களுக்கு இந்த ஃபைலை இறக்குவதும் பின்னால் ஏற்றுவதும் தொல்லை. DS-160-க்குக் கம்ப்யூட்டரே சரி.

நிரப்பும் முறை

தளத்தைத் திறக்கும் முன்பே, நேரம் விழுங்கும் பதில்களை நோட்பேடில் தயார் செய்து வைப்பதுதான் டைம் அவுட்டுக்கு முதல் மருந்து. எல்லாக் கேள்விக்கும் இது தேவையில்லை. பாதுகாப்புப் பகுதியில் வரும் கேள்விகளுக்கு பெரும்பாலானோர் No என்று அழுத்திக்கொண்டே போகலாம், படித்துப் பார்த்து. முன்கூட்டி எழுதி வைக்க வேண்டியவை இவைதான்: அமெரிக்காவில் தங்கும் முகவரியும் அங்குள்ளவரின் போன், ஈமெயில் விவரமும், முன்பு அமெரிக்கா போயிருந்தால் போன தேதிகளும் பழைய விசா எண்ணும், அம்மா, அப்பா, கணவன் அல்லது மனைவியின் பிறந்த தேதிகள், கடந்த ஐந்து வருடத்தில் பார்த்த வேலைகளின் முகவரி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, படித்த இடங்களின் முகவரி, கடந்த ஐந்து வருடத்தில் போன நாடுகள், அதே காலத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயர்கள்.

வேர்டில் எழுதி ஒட்டுவதை விட நோட்பேட் நல்லது. வேர்ட் தானாகவே மேற்கோள் குறிகளை வளைத்துப் போடும். அத்தகைய குறிகளைப் படிவம் செல்லாத எழுத்து என்று சிவப்பில் காட்டும். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் செலவானால் கடிகாரம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு வேலை இப்படிப் போகட்டும்:

1. போனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். அடித்ததும், வாக்கியம் பாதியில் இருந்தாலும், `Save` அழுத்துங்கள்.
2. பக்கம் முடிந்ததும் முதலில் `Save`, படிவத்துக்குத் திரும்பி, பிறகு `Next`. ஒரு அழுத்தல் அதிகம்தான், ஆனால் `Next` அழுத்தும்போது ஏதாவது ஒரு பெட்டியில் தவறு இருந்தால் பக்கம் நகராமல் அங்கேயே நிற்கும்.
3. பின்னால் போக வேண்டுமானால் படிவத்தின் அடியில் உள்ள `Back` பட்டன் அல்லது இடப்பக்கப் பட்டியல். பிரவுசரின் பின்செல்லும் அம்புக்குறியைத் தொட வேண்டாம்.
4. எழுந்து போகிறீர்கள் என்றால், ஐந்து நிமிடத்துக்கு என்றாலும், போகும் முன் `Save`.
5. புகைப்படம் ஏற்றும் பக்கத்துக்குப் போகும் முன் ஒரு `.dat` ஃபைல். படம் சதுரமாக, 600 முதல் 1200 பிக்சல் பக்க அளவில், ஜேபெக் வடிவில், 240 கேபிக்குள் இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் தரும் படம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. அந்த இடத்தில் உட்கார்ந்து அளவு குறைக்க ஆரம்பித்தால் 20 நிமிடம் போய்விடும். முன்பே குறைத்து வைத்திருங்கள்.

கடைசியில் வரும் சரிபார்க்கும் பகுதியும் ஒரு பொறி. அங்கே எதுவும் டைப் செய்வதில்லை, படிக்க மட்டும்தான். வயதானவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தால் செஷன் முடிந்துவிடும். பதில்கள் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருப்பதால் எழுதியது போகாது, ஆனால் மறுபடி உள்ளே வர வேண்டியிருக்கும்.

ஒரே பிரவுசரில் இரண்டு படிவம் வேண்டாம்

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போது ஒரு டேபில் அப்பா, அடுத்த டேபில் அம்மா என்று திறப்பது இயல்பாக வரும் எண்ணம். ஆனால் உங்களை அடையாளம் காண தளம் வைக்கும் குக்கி பிரவுசருக்கு ஒன்றுதான், டேபுக்கு ஒன்று அல்ல. இரண்டாவது டேபில் புதுப் படிவம் தொடங்கியதும் முதல் டேபின் செஷன் குழம்பலாம். மேலே தெரியும் Application ID மாறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒருவர் படிவத்தை முடித்துவிட்டு அடுத்தவருடையதைத் தொடங்குங்கள். சேர்ந்து பயணிக்கும் குடும்பத்துக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது: முதல் படிவத்தைச் சமர்ப்பித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் குடும்பம் அல்லது குழுவுக்கான விண்ணப்பம் தொடங்க வழி உண்டு. அதில் போனால் பொதுவான சில விவரங்கள் தானாக நிரம்பி வரும்.

மகள் அமெரிக்காவிலும் அம்மா ஊரிலும் இருந்து ஒரே படிவத்தை ஒரே நேரத்தில் திறப்பதும் இதே வகைத் தவறு. ஒருவர் சேவ் செய்து வெளியேறிய பிறகு மற்றவர் திறக்க வேண்டும்.

டைம் அவுட் ஆகிவிட்டது என்று சந்தேகம் வந்தால்

பக்கத்தில் நிறைய எழுதிவிட்டீர்கள், கடைசியாக `Save` அழுத்தி எவ்வளவு நேரம் ஆனது என்று நினைவில்லை. இந்த நிலையில் உடனே எதையும் அழுத்தாதீர்கள். எழுதியது இன்னும் திரையில் இருக்கிறது; பட்டனை அழுத்தும் வரை அது போகாது. பெரிய பெட்டி ஒவ்வொன்றிலும் கிளிக் செய்து `Ctrl+A`, பிறகு `Ctrl+C`, நோட்பேடில் `Ctrl+V`. சின்னப் பெட்டிகளுக்குப் போனில் ஒரு படம் போதும். அதன் பிறகு `Save` அழுத்துங்கள். செஷன் உயிரோடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இழப்பு இரண்டு நிமிட வேலைதான்.

ஏற்கெனவே அழுத்தி, செய்தியும் வந்துவிட்டதா? அப்போது மட்டும் பிரவுசரின் பின்செல்லும் அம்பை ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம். சில சமயம் எழுதியது திரையில் மறுபடி தெரியும். தெரிந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திலிருந்தே தொடர முயல வேண்டாம், அந்தச் செஷன் செத்துவிட்டது.

திரும்ப உள்ளே வருவது: ஒரு உதாரணம்

கும்பகோணத்தில் உள்ள ஒரு தாயார், மகளைப் பார்க்க டெக்சாஸ் போக விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் பெயர் KAMALAVENI, சர்நேம் காலி, பிறந்த வருடம் 1958. படிவத்தில் Surnames பெட்டியில் KAMALAVENI, Given Names பெட்டியில் FNU. குடும்ப விவரம் வரை முடித்து `Save` அழுத்தியிருக்கிறார். பயண விவரம் கேட்க மகளுக்குப் போன் செய்தபோது பேச்சு நீண்டு, செஷன் முடிந்துவிட்டது.

அவர் செய்ய வேண்டியது: முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஊரைத் தேர்ந்தெடுத்து, படத்து எழுத்துகளை அடித்து, இந்த முறை `RETRIEVE AN APPLICATION`. Application ID கேட்கும் இடத்தில் எழுதி வைத்த எண். அடுத்து KAMAL, 1958, பாட்டியின் பெயர் எழுதிய அதே எழுத்துக்கூட்டலில். உள்ளே போனதும் கடைசியாகச் சேமித்த பக்கத்தை இடப்பக்கப் பட்டியலில் திறந்து, பெட்டிகள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம்.

உள்ளே விடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பூஜ்யமும் O எழுத்தும். அடுத்து சர்நேம் பெட்டியில் போட்டது என்ன என்பது. மூன்றாவது பாதுகாப்புப் பதிலின் எழுத்துக்கூட்டல். மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை, கடைசியாகத் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றால் 30 நாள் கெடு முடிந்திருக்கும்.

அப்போது `.dat` ஃபைல். முதல் பக்கத்தில் `UPLOAD AN APPLICATION` அழுத்தி ஃபைலைக் காட்டினால் பழைய பதில்கள் நிரம்பிய புது விண்ணப்பம் திறக்கும். இங்கே இரண்டு கவனம் தேவை. ஒன்று, புது விண்ணப்பத்துக்கு உரிய Application ID-ஐக் குறித்துக்கொண்டு பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். நேர்காணல் தேதி பதியும்போது கொடுக்கும் எண், உண்மையில் சமர்ப்பித்த படிவத்தின் எண்ணாக இருக்க வேண்டும். பாதியில் விட்ட படிவத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தூதரக வாசலில் சிக்குபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். ஃபைல் இறக்கிய பிறகு படிவத்தில் கேள்வி ஏதாவது சேர்ந்திருந்தால் அதற்குப் பதில் காலியாக இருக்கும். சமூக ஊடகக் கணக்குகள் பற்றிய கேள்வி 2019-ல்தான் படிவத்தில் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஃபைலை ஏற்றினால் அந்த இடம் வெறுமையாகத்தான் வரும்.

சமர்ப்பிக்கும் நாள்

கையெழுத்துப் பக்கத்தில், படிவத்தை நிரப்ப வேறு யாராவது உதவினார்களா என்று கேட்பார்கள். மகளோ டிராவல் ஏஜென்டோ நிரப்பியிருந்தால் ஆம் என்று சொல்லி அவர்கள் விவரத்தைத் தர வேண்டும். யார் நிரப்பியிருந்தாலும் கையெழுத்து பட்டனை அழுத்த வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். அங்கே பாஸ்போர்ட் எண்ணும் கேட்கும், ஆகவே பாஸ்போர்ட் பக்கத்தில் இருக்கட்டும்.

அழுத்துவதற்கு முன் கடைசியாக ஒரு `.dat` ஃபைல் இறக்குங்கள். சமர்ப்பித்த படிவத்தில் பிறகு எதையும் திருத்த முடியாது. தவறு கண்ணில் பட்டால் புதுப் படிவம்தான், அப்போது இந்த ஃபைல் ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பார்கோடு உள்ள உறுதிப் பக்கத்தை அச்செடுத்து, பிடிஎஃப் ஆகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பிரவுசிங் சென்டரில் செய்திருந்தால், `.dat` ஃபைலை உங்கள் ஈமெயிலுக்கோ பென் டிரைவுக்கோ மாற்றிவிட்டு, அங்குள்ள டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டு எழுந்திருங்கள். பாஸ்போர்ட் எண், வீட்டு முகவரி, குடும்பத்தார் பிறந்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கின்றன.